காட்டிக்கொடுக்கும் பக்கத்துச் சீட்டு

சீட்டு வித்தையில், பார்வையாளர் எடுத்த சீட்டைக் கண்டுபிடிப்பதற்கு அந்தச் சீட்டை வித்தைக்காரர் பார்த்திருக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் வந்து உட்காரப்போகும் சீட்டு எது என்று தெரிந்திருந்தால் போதும். ஊர் தெரியாத ஆளை, அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் கோயிலைக் கேட்டுக் கண்டுபிடிப்பது போன்ற காரியம் இது. அப்படி வழிகாட்டும் சீட்டை வித்தைக்காரர்கள் ‘கீ கார்டு’ என்பார்கள். தமிழில் சாவிச் சீட்டு எனலாம். சீட்டு வித்தை கற்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் உத்திகளில் இதுவும் ஒன்று. தேர்ந்தவர்களும் இதைக் கைவிடுவதில்லை, ஏனென்றால் இதற்குக் கைவேகம் தேவையில்லை. ஒரு நொடிப் பார்வையும் நினைவும் தேவை, அவ்வளவுதான்.

இதன் மிக எளிய வடிவத்தில் அடிச்சீட்டே சாவியாகிறது. 52 சீட்டுகள் கொண்ட கட்டு நன்றாகக் கலைக்கப்பட்டுக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அடியில் இருப்பது கிளாவர் 7 என்பதை வித்தைக்காரர் எப்படியோ பார்த்துவிட்டார். கட்டை விசிறிபோல் விரித்துப் பிடிக்க, பார்வையாளர் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவுகிறார். அது ஆட்டின் ராணி. அவர் அதைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, கட்டின் மேல் கவிழ்த்து வைக்கிறார். இப்போது ராணி முதல் இடத்தில் இருக்கிறது, கிளாவர் 7 கடைசியில், 52ஆம் இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 50 சீட்டுகள்.

அடுத்து, கட்டை வெட்டும்படி பார்வையாளரிடமே சொல்லப்படுகிறது. அவர் மேலிருந்து 20 சீட்டுகளைத் தூக்கி மேசைமேல் வைக்கிறார். மீதி 32 சீட்டுகளை அவற்றின் மேல் வைக்கிறார். அந்த 32 சீட்டுகளின் அடியில் இருந்தது கிளாவர் 7. அது நேராக ஆட்டின் ராணியின் தலைமேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. சாவி 32ஆம் இடம், ராணி 33ஆம் இடம். தன் சீட்டு கட்டுக்குள் எங்கோ தொலைந்துவிட்டது என்று பார்வையாளர் நினைக்கிறார். தொலைத்ததாக அவர் நினைக்கும் அந்த ஒரு வெட்டுதான் இரண்டையும் சேர்த்து வைத்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக மல்லாத்திப் போட்டுக்கொண்டே வந்தால், கிளாவர் 7 வந்தவுடன் அடுத்து வருவது அவருடைய சீட்டு.

இதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று முறை வெட்டச் சொன்னாலும் கெட்டுப்போகாது. காரணம், வெட்டுவதால் சீட்டுகளின் வரிசை மாறுவதில்லை. வரிசை தொடங்கும் இடம் மட்டும்தான் மாறுகிறது. 52 சீட்டுகளையும் ஒரு மாலையாகக் கோத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். மாலையை எந்த இடத்தில் பிடித்துத் தூக்கினாலும் எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்பது மாறுமா? வெட்டுவதும் அப்படித்தான். மேலே சொன்ன கட்டை இரண்டாம் முறை வெட்டும்போது பார்வையாளர் 40 சீட்டுகளைத் தூக்குகிறார் என்றால், அடியில் மிஞ்சிய 12 சீட்டுகள் மேலே வருகின்றன. சாவி 44ஆம் இடத்துக்கும் ராணி 45ஆம் இடத்துக்கும் நகர்கின்றன. சேர்ந்தேதான் நகர்கின்றன. சீட்டாடுகிற பழக்கம் உள்ளவர்கள்கூட வெட்டுவதைக் கலைப்பதற்குச் சமமாக நினைப்பது வித்தைக்காரருக்கு வசதியாகப் போகிறது.

ஆனால் ஒரு பொத்தல் இருக்கிறது. மூன்றாம் வெட்டில் பார்வையாளர் சரியாக 44 சீட்டுகளைத் தூக்கிவிட்டால், வெட்டு சாவிக்கும் ராணிக்கும் நடுவே விழுந்துவிடும். ராணி மறுபடி முதல் இடத்துக்கும் கிளாவர் 7 அடிக்கும் போய்விடும். மாலைக் கணக்கில் அவை இன்னும் பக்கத்துப் பக்கம்தான். கையில் இருக்கும் கட்டிலோ அவை இரு கோடிகளில் கிடக்கின்றன. இதை அறியாமல் சீட்டுகளைப் போட ஆரம்பித்தவர், தேடும் சீட்டை முதலிலேயே மேசைமேல் போட்டுவிட்டு, 51 சீட்டுகள் தாண்டிச் சாவியைப் பார்த்து விழிப்பார்.

வெட்டு எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்றால் இந்த விபத்துக்கு 52இல் ஒரு பங்கு வாய்ப்புதான். நடைமுறையில் அது கூடுதல், அதற்குக் காரணம் மனிதர்களின் கைப்பழக்கம். கட்டை வெட்டச் சொன்னால் பெரும்பாலோர் நடுவை ஒட்டியே வெட்டுவார்கள். முதல் வெட்டு நடுவில் விழுந்தால் சாவியும் தேர்ந்த சீட்டும் கட்டின் நடுவுக்கு வருகின்றன. இரண்டாம் வெட்டும் நடுவில் விழுந்தால் வெட்டு அவற்றுக்கு மிக அருகில் விழுகிறது, சில நேரம் நடுவிலேயே விழுகிறது. ஆகவே இரட்டைப்படை எண்ணிக்கையில் வெட்டியபின் கூடுதல் கவனம் தேவை. மருந்து எளியது. சீட்டுகளைப் போடத் தொடங்குமுன் அடிச்சீட்டை இன்னொரு முறை பார்த்துக்கொள்வது. அங்கே சாவி இருந்தால், எடுத்த சீட்டு மேலேயே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது தேடவே வேண்டாம். மேல் சீட்டை அவரையே திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். விபத்து, சாதாரண முடிவைவிடப் பெரிய அதிசயமாக மாறிவிடுகிறது.

அடிச்சீட்டை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் உத்தியின் நயம் எல்லாம் இருக்கிறது. கட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தால் சிறு பிள்ளையும் கண்டுகொள்ளும். எல்லாரும் செய்கிற ஒரு செயலுக்குள் பார்வை ஒளிந்திருக்க வேண்டும். கலைத்து முடித்ததும் கட்டின் ஓரத்தை மேசையில் தட்டிச் சமன் செய்வது எவரும் செய்வதுதான். அந்த நேரத்தில் கட்டு நிமிர்ந்து நிற்கிறது, அடிச்சீட்டின் முகம் வித்தைக்காரர் பக்கம் இருக்கிறது. மூலையில் அச்சிட்டிருக்கும் எண்ணும் சின்னமும் கண்ணில் பட்டால் போதும். மூலையில் எண் அச்சிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முந்தைய வித்தைக்காரர்கள் முழுச் சீட்டையும் பார்த்து, அதில் உள்ள சின்னங்களைக் கணக்கிட வேண்டியிருந்திருக்கும்.

அவர்களும் அடிச்சீட்டைப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்டு ஸ்காட் 1584இல் வெளியிட்ட நூல், சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைத் தண்டிப்பது மடமை என்று வாதாடியது. மாயம் என்று மக்கள் மலைப்பவற்றில் கைத்திறன் எவ்வளவு என்று காட்டுவதற்காக அவர் செப்படி வித்தைகளையும் விளக்கினார். சீட்டு வித்தையைப் பற்றிச் சொல்லும்போது, எவ்வளவு கலைத்தாலும் தெரிந்த ஒரு சீட்டை அடியிலோ தெரிந்த வேறோர் இடத்திலோ வைத்துக்கொள்வதே முக்கியம் என்கிறார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தொடக்கப் பாடம் அதேதான். ஜீன் ஹூகார்டும் ஃபிரெடரிக் பிராவும் எழுதி 1948இல் வெளிவந்த ‘தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்’ என்ற பாடநூலில் சாவிச் சீட்டுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது.

ஸ்காட் சொன்னதைச் செய்வது கடினமில்லை. கட்டை இடது கையில் பிடித்து, வலது கையால் மொத்தமாக எடுத்துச் சிறுசிறு கொத்தாக இடது கையில் விட்டுக் கலைக்கும் முறையில், முதல் முறை எடுக்கும்போது இடது கை விரல்கள் அடிச்சீட்டை லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. மற்றவை வலது கைக்குப் போக, அது மட்டும் இடது உள்ளங்கையில் தங்கிவிடுகிறது. பிறகு எல்லாச் சீட்டுகளும் அதன் மேல்தான் விழுகின்றன. பார்ப்பவர்களுக்கு முழுக் கட்டும் கலைந்ததாகவே தெரியும்.

இந்த வழியில் ஒரு குறை இருக்கிறது. சாவியைப் பார்த்தபின் கட்டைப் பார்வையாளர் கையில் கொடுத்துக் கலைக்கச் சொல்ல முடியாது. சந்தேகப்படுகிற ஒருவர் ‘நான் கலைக்கிறேன்’ என்று கட்டை வாங்கிக்கொண்டால் பார்த்தது வீண். இதைத் தாண்ட ஒரு வழி, சீட்டை எடுத்த பிறகு சாவியைப் பார்ப்பது. அதற்கு மிகப் பொருத்தமானது நம் ஊர்ச் சீட்டாட்டங்களில் பலரும் கலைக்கும் முறை. கட்டை ஒரு கையால் பக்கவாட்டில் பிடித்து, மேலிருந்து சிறு கொத்துகளை மற்றக் கையால் உருவி உள்ளங்கையில் விழவிடும் அந்த முறைக்கு மேலைநாட்டு வித்தைக்காரர்கள் ‘ஹிண்டு ஷஃபிள்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் கட்டைப் பார்வையாளர் ஆசைதீரக் கலைத்துக் கொடுக்கலாம். வித்தைக்காரர் கொத்து கொத்தாக உருவிவிட்டுக்கொண்டே வர, பார்வையாளர் ‘நிறுத்து’ என்கிறார். உள்ளங்கையில் விழுந்திருக்கும் கொத்தின் மேல் சீட்டை எடுத்துப் பார்த்து, அதே இடத்தில் திரும்ப வைக்கிறார். இன்னொரு கையில் மிச்சக் கட்டு இருக்கிறது. அதன் முனையால் கீழ்க்கொத்தின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டி நேர்படுத்தும்போது, மிச்சக் கட்டு சற்றே நிமிர்கிறது. அதன் அடிச்சீட்டு வித்தைக்காரர் கண்ணில் படுகிறது. அடுத்த நொடி அந்தக் கட்டு அப்படியே கீழ்க்கொத்தின் மேல் விழுகிறது. சாவி தேர்ந்த சீட்டின் மேல் வந்தாயிற்று. பார்வையாளரோ தன் சீட்டைத் திருப்பி வைத்ததோடு ஆபத்தான கட்டம் முடிந்தது என்று மனத்தைத் தளர்த்தியிருப்பார். பார்வை அந்தத் தளர்ச்சியில் நடப்பதால்தான் இம்முறை அடிச்சீட்டை முன்னாலேயே பார்த்துவைக்கும் முறையைவிட நம்பகமானது.

பார்த்த சீட்டை மறப்பதுதான் கற்றுக்குட்டிகளின் முதல் தவறு. பேசிக்கொண்டே, சிரிக்கவைத்துக்கொண்டே ஒரு நிமிடம் போனால், பார்த்தது ஆட்டின் 7ஆ டைமன் 7ஆ என்ற குழப்பம் வந்துவிடும். இரண்டும் சிவப்பு. எண்ணை மட்டும் நினைவில் வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். 6ஐத் தலைகீழாகப் பார்த்து 9 என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. பார்த்ததும் சின்னத்தையும் எண்ணையும் சேர்த்து மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வதுதான் இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது தவறு திசையில் வருகிறது. கவிழ்ந்த கட்டிலிருந்து ஒவ்வொன்றாக மல்லாத்திப் போட்டால் சாவி முன்னால், தேர்ந்த சீட்டு பின்னால். கட்டையே மல்லாத்தித் தன் பக்கம் முகம் தெரிய விரித்துப் பார்த்தால் அடியிலிருந்து மேல்நோக்கிப் போகிறோம். அப்போது தேர்ந்த சீட்டுதான் முதலில் கண்ணில் படும், அதைத் தாண்டித்தான் சாவி. சாவியை ஒட்டி அதன் மேல் படிந்திருப்பதே தேர்ந்த சீட்டு. அவசரத்தில் மறுபுறத்துச் சீட்டை எடுத்து நீட்டி அசடு வழிந்தவர்கள் பலர்.

வெட்டும்போதும் ஒன்று நேரும். சிலர் மேல்பாதியைத் தூக்கிவிட்டுத் திரும்பவும் அதையே மேலே வைத்துவிடுவார்கள். எதுவும் நகரவில்லை என்பது அவர்களுக்கும் தெரியாது. ஆகவே ‘வெட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லாமல், தூக்கியதை மேசையில் வைக்கச் சொல்லி, மீதியை அதன் மேல் வைக்கச் சொல்வது வழக்கம்.

கண்டுபிடிக்கும் கட்டத்தில் வித்தைக்காரரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவர் கைதான். ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டு வந்தவர், சாவி வந்ததும் அரை நொடி நிதானித்து, அடுத்த சீட்டோடு நிறுத்திக்கொண்டால் கூர்மையான பார்வையாளர் முந்தைய சீட்டைத் திரும்பிப் பார்ப்பார். அதே வித்தையை இரண்டாம் முறையும் கேட்பார். இரண்டாம் முறை முந்தைய சீட்டிலேயே கண் வைத்திருப்பார். அதனால் தேர்ந்த சீட்டைத் தாண்டி இன்னும் ஐந்தாறு சீட்டுகள் போட்டபின் நிறுத்துவது நல்லது.

இப்படித் தாண்டிப் போவதையே நாடகமாக்கியதுதான் ‘சர்க்கஸ் கார்டு ட்ரிக்’ என்று பெயர்பெற்ற வித்தை. வித்தைக்காரர் சீட்டுகளை மூலைகள் தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று சரித்துப் போட்டுக்கொண்டே வருகிறார். கிளாவர் 7 வருகிறது, ஆட்டின் ராணி வருகிறது. அவர் கண்டுகொள்ளாமல் மேலும் சில சீட்டுகள் போடுகிறார். பிறகு கட்டிலிருந்து அடுத்த சீட்டைக் கவிழ்ந்தபடியே பாதி வெளியே தள்ளிக்கொண்டு, ‘அடுத்து நான் திருப்பப் போகும் சீட்டு உங்களுடையதுதான், பந்தயமா?’ என்று கேட்கிறார். பார்வையாளருடைய ராணி மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது. அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பந்தயத்துக்கு உடனே சம்மதிக்கிறார். வித்தைக்காரர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் கிடக்கும் ராணியை எடுத்துக் கவிழ்த்துத் திருப்புகிறார். சொன்ன சொல் தவறவில்லை. பார்வையாளர் தோற்ற எரிச்சலில் வார்த்தை விளையாட்டைப் பற்றியே பேசுவார். சீட்டு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அவருக்கு எழுவதே அரிது. அந்தக் கேள்வியை விழுங்கிவிடுவதுதான் இந்தப் பந்தயத்தின் உண்மையான வேலை.

இன்னும் சாமர்த்தியமாகச் சாவியை மறைப்பது ‘நான் செய்வதையே செய்யுங்கள்’ என்ற பழைய வித்தை. சிவப்பு முதுகுள்ள ஒரு கட்டு, நீல முதுகுள்ள ஒரு கட்டு. இருவரும் ஆளுக்கொன்று எடுத்துக் கலைக்கிறார்கள். கலைத்து முடிக்கும்போது வித்தைக்காரர் தன் கட்டின் அடியைப் பார்த்துக்கொள்கிறார். உடனே இருவரும் கட்டுகளை மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது வித்தைக்காரருக்கு அடி தெரிந்த கட்டு பார்வையாளர் கையில் இருக்கிறது. இருவரும் தங்கள் கட்டின் நடுவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, மேலே வைத்து, வெட்டுகிறார்கள். வித்தைக்காரர் தன் சீட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார், அவ்வளவுதான். அதை அவர் நினைவில் வைக்க வேண்டியதே இல்லை. மறுபடி கட்டுகளை மாற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் நினைத்த சீட்டை, கைக்கு வந்த கட்டில் தேடி எடுத்து மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். பார்வையாளர் தன் சீட்டை நேர்மையாகத் தேடுகிறார். வித்தைக்காரர் சாவியைத் தேடி, அதன் பக்கத்துச் சீட்டை எடுக்கிறார். இரண்டையும் திருப்பினால் இரண்டும் ஒரே சீட்டு.

இதில் கண்டுபிடித்தல் என்ற பேச்சே இல்லை. இருவர் மனமும் ஒன்றை நினைத்தது என்ற தற்செயல்தான் பார்வையாளருக்குத் தெரிகிறது. வித்தைக்காரர் கட்டின் முகங்களை வெளிப்படையாகப் பார்த்துத் தேடுவதற்கும் கதையிலேயே காரணம் இருக்கிறது. சாவிச் சீட்டை வைத்துச் செய்யும் வித்தைகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம்.

வெட்டினால் கெடாது, கலைத்தால்? இரண்டு பாதியாகப் பிரித்து, கட்டைவிரல்களால் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவிடும் ரிஃபிள் முறையில் ஒருமுறை கலைத்தால் எல்லாம் சிதறிவிடும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. ஒவ்வொரு பாதிக்குள்ளும் இருந்த சீட்டுகள் தங்களுக்குள் வரிசை மாறுவதே இல்லை. மற்றப் பாதியின் சீட்டுகள் இடையில் புகுகின்றன, அவ்வளவே. சாவியும் தேர்ந்த சீட்டும் ஒரே பாதியில் இருந்தால், சாவிக்குப் பின்னால்தான் தேர்ந்த சீட்டு இருக்கும். இடையில் எத்தனை அந்நியர்கள் என்பதுதான் கேள்வி. சீட்டு கலைப்பதற்குக் கணிதவியலாளர்கள் வகுத்த மாதிரியின்படி, ஒருவரும் புகாமல் ஒட்டியே இருக்க ஏறத்தாழ பாதி வாய்ப்பு, ஒரு சீட்டு புக கால், இரண்டு புக அரைக்கால். ஆக எட்டில் ஏழு முறை சாவிக்கு அடுத்த மூன்று சீட்டுகளுக்குள் தேர்ந்த சீட்டு அகப்பட்டுவிடும்.

இந்த மாதிரியை வைத்துத்தான் டேவ் பேயரும் பெர்சி டியாகோனிஸும் 1992இல், 52 சீட்டுகள் போதுமான அளவு கலைய ஏழு முறை ரிஃபிள் செய்ய வேண்டும் என்று காட்டினார்கள். டியாகோனிஸ் பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போய், டை வெர்னான் என்ற புகழ்பெற்ற சீட்டு வித்தைக்காரருடன் ஊர் ஊராகத் திரிந்தவர். கணிதப் பேராசிரியரானது பிறகுதான்.

கொத்து கொத்தாக எடுத்துவிடும் கலைப்பில் நிலைமை வேறு. கொத்துகள் இடம் மாறினாலும் கொத்துக்குள் வரிசை அப்படியே இருக்கும். ஏழெட்டு கொத்தாக ஒருமுறை கலைத்தால், ஏதாவது ஒரு பிரிவு இந்த இரண்டு சீட்டுகளின் நடுவே விழுந்தால்தான் ஜோடி பிரியும். ஒவ்வொரு சீட்டாக இழுத்துவிடுகிறவர் கையிலோ வரிசை தலைகீழாகும். ஜோடி பிரியாது, ஆனால் தேர்ந்த சீட்டு சாவிக்கு முன்னால் வந்துவிடும். திசையை மாற்றிப் பார்க்க வேண்டும். கலைப்பவர் கையைக் கவனிக்காத வித்தைக்காரருக்கு இது புரியாது.

பார்வையாளர் ஒருமுறை ரிஃபிள் செய்துவிட்டார் என்றால் அனுபவசாலி பதறமாட்டார். கட்டைத் தன் பக்கம் விரித்து, கிளாவர் 7ஐக் கண்டதும் அதை அடுத்துள்ள மூன்று சீட்டுகளைப் பார்ப்பார். அவை இஸ்பேட் 4, ஆட்டின் ராணி, டைமன் 10 என்று வைத்துக்கொள்வோம். ‘உங்கள் சீட்டு சிவப்பு’ என்று கேள்வியா உறுதியா என்று தெரியாத குரலில் சொல்வார். ஆமோதித்தால் இஸ்பேட் விலகியது. ‘படம் போட்ட சீட்டுபோல் தோன்றுகிறதே’ என்பார். அதற்கும் தலையசைந்தால் ராணி, இல்லையென்றால் டைமன் 10. முதல் கேள்விக்கே ‘இல்லை, கறுப்பு’ என்று பதில் வந்தால் இஸ்பேட் 4 என்று பெயர் சொல்லிவிடலாம். இரண்டு முறைக்குமேல் ரிஃபிள் செய்துவிட்டால் இடைவெளிகள் பெருகி, இந்த மூன்று சீட்டுக் கணக்கு உதவாமல் போகும். அப்போது எடுத்த சீட்டைத் திரும்ப உருவச் சொல்லி, வித்தையை முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.